642126-க்கு உண்டு, 642127-க்கு இல்லை

உடுமலைப்பேட்டையின் பின்கோடு 642126. வால்பாறையின் பின்கோடு 642127. எண்ணைப் பார்த்தால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஊரைப் பார்த்தால் அப்படி இல்லை. முன்னது திருப்பூர் மாவட்டத்தின் சமவெளி நகரம். பின்னது கோவை மாவட்டத்தின் தேயிலைத் தோட்ட ஊர். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால்தான் வால்பாறைக்குப் போய்ச் சேர முடியும்.

இந்த இரண்டு எண்களையும் ஏதாவது ஓர் ஆன்லைன் கடையில், ஒரே பொருளுக்கு, ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். சில கடைகளில் இரண்டுக்கும் ஒரே கட்டணம் வரும். சிலவற்றில் வால்பாறைக்கு மட்டும் கட்டணம் ஏறும், அல்லது கேஷ் ஆன் டெலிவரி மறைந்துவிடும். இன்னும் சிலவற்றில் ‘உங்கள் பகுதிக்கு டெலிவரி இல்லை’ என்ற ஒற்றை வரியோடு கதை முடிந்துவிடும். இதைப் பார்க்கும் வால்பாறைக்காரர், தன் ஊரே இந்த நாட்டுக் கணக்கில் இல்லையோ என்று சலித்துக்கொள்வார். உண்மையில் ஊருக்கு எந்தக் குறையும் இல்லை. அந்த வரி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டால், பாதி நேரம் அதற்கு மாற்று வழியும் தெரிந்துவிடும்.

தபாலுக்குப் பிறந்த எண்

பின்கோடு நடைமுறைக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15-ஆம் தேதி. அதை வகுத்தவர் மத்திய தகவல் தொடர்பு அமைச்சகத்தில் கூடுதல் செயலராக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலாங்கர். அவர் சமஸ்கிருதக் கவிஞரும்கூட. ஒரே பெயரில் பல ஊர்கள், ஒரே ஊருக்குப் பல எழுத்துக்கூட்டல்கள், உறைமேல் ஆளுக்கொரு மொழி என்று கடிதங்களைப் பிரிப்பவர்கள் திண்டாடிக்கொண்டிருந்த காலம் அது. நம் பக்கத்தில் எத்தனை புதூர், எத்தனை புதுப்பட்டி என்று எண்ணிப் பார்த்தாலே அந்தத் திண்டாட்டம் புரியும்.

ஆறு இலக்கங்களில் முதல் இலக்கம் மண்டலம். 6 என்றால் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவு. முதல் மூன்று இலக்கங்களும் சேர்ந்தால், கடிதங்களைப் பிரிக்கும் மாவட்டம். 642 என்றால் பொள்ளாச்சியைச் சுற்றிய பகுதி. கடைசி மூன்று இலக்கங்கள், தபாலை வீட்டில் சேர்க்கும் அஞ்சலகத்தைக் குறிக்கும். இங்கே ‘மாவட்டம்’ என்பது கலெக்டரின் மாவட்டம் அல்ல, தபால்காரரின் மாவட்டம். அதனால்தான் திருப்பூர் மாவட்ட ஊரும் கோவை மாவட்ட ஊரும் அடுத்தடுத்த எண்ணில் உட்கார்ந்திருக்கின்றன.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கிராமங்களில் இருக்கும் கிளை அஞ்சலகங்களுக்குத் தனி எண் கிடையாது. தங்களுக்கு மேலே உள்ள துணை அஞ்சலகத்தின் எண்ணையே அவை பயன்படுத்துகின்றன. ஆகவே ஒரு பின்கோடு என்பது ஓர் ஊர் அல்ல. சில இடங்களில் அது பல கிராமங்களும் எஸ்டேட்டுகளும் அடங்கிய பெரிய பரப்பு. தபால் துறைக்கு இதில் சிக்கல் இல்லை, ஒவ்வொரு கிளைக்கும் அதன் ஆள் இருக்கிறார். தனியார் கூரியர் நிறுவனம் இதே எண்ணை எடுத்துத் தன் வியாபாரத்துக்குப் பயன்படுத்தும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

பெட்டிக்குப் பின்னால்

கோவில்பட்டியிலிருந்து கடலைமிட்டாய் அனுப்பும் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். கடையின் பின்கோடு 628501. வால்பாறையிலிருந்து ஒருவர் 2 கிலோ ஆர்டர் போடுகிறார். பின்கோடு பெட்டியில் 642127 என்று அடித்ததும், கடையின் மென்பொருள் நான்கு விஷயங்களைத் திரட்டுகிறது: சரக்கு கிளம்பும் பின்கோடு, சேரும் பின்கோடு, எடை, பணம் இப்போதா கையில் கிடைத்த பிறகா என்பது. இவற்றை வைத்துக் கூரியர் நிறுவனத்தின் பட்டியலைப் பார்க்கிறது.

அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பின்கோடுக்கும் ஒரு வரி இருக்கும். அந்த வரியில் ஒரே ஒரு ஆம்-இல்லை அல்ல, தனித்தனியாகப் பல இருக்கும். முன்பணம் கட்டிய பார்சலைக் கொண்டுபோவோமா, கையில் பணம் வாங்கிக்கொண்டு தருவோமா, அங்கிருந்து பார்சல் எடுப்போமா, வாடிக்கையாளர் திருப்பித் தந்தால் வாங்கி வருவோமா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விடை. இவற்றோடு, வழக்கமான டெலிவரி எல்லைக்கு வெளியே உள்ள இடம் என்பதற்கு ஓர் அடையாளமும் இருக்கும். கூரியர்காரர்கள் அதை ஓ.டி.ஏ. என்பார்கள். அந்த அடையாளம் இருந்தால் கூடுதல் கட்டணம் உண்டு, நாளும் கூடும்.

அடுத்தது எடை. இங்கேதான் சிறு கடைக்காரர்கள் அதிகம் அடிபடுகிறார்கள். கூரியர் நிறுவனம் தராசு எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டி வண்டியில் எவ்வளவு இடம் அடைக்கிறது என்றும் பார்க்கிறது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது பரவலான வழக்கம். வரும் எண்ணும் தராசு எடையும் மோதினால் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். நம் கடலைமிட்டாய் பெட்டியோடு சேர்த்து 2.3 கிலோ. பெட்டி 30, 25, 20 சென்டிமீட்டர். பெருக்கினால் 15,000, வகுத்தால் 3. ஆக கூரியர் கணக்கில் அது 3 கிலோ பார்சல்.

முதல் அரைக் கிலோவுக்கு 40 ரூபாய், அதற்குமேல் ஒவ்வொரு அரைக் கிலோவுக்கும் 35 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 3 கிலோவுக்கு 215 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 253 ரூபாய் 70 காசு. இதே மிட்டாயை 30, 20, 20 பெட்டியில் இறுக்கி அடைத்திருந்தால் இட எடை 2.4 கிலோதான் வரும். இரண்டரைக் கிலோவுக்கான கட்டணம் வரியோடு 212 ரூபாய் 40 காசு. ஐந்து சென்டிமீட்டர் அட்டைக்கு நாற்பது ரூபாய்க்கு மேல் வித்தியாசம். இந்த வித்தியாசம் முன்கூட்டியே பெட்டி அளவைப் பதிந்துவைத்த கடைக்கு மட்டும்தான் செக்அவுட் திரையில் தெரியும். மற்றவர்களுக்கு மாதக் கடைசியில் கூரியர் பில் வரும்போதுதான் தெரியும். அந்த இழப்பை ஈடுகட்டத்தான் பல சிறு கடைகள் டெலிவரி கட்டணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கூட்டி வைக்கின்றன.

மூன்று ‘இல்லை’

திரையில் வரும் ‘டெலிவரி இல்லை’ என்ற வரிக்குள் மூன்று வெவ்வேறு செய்திகள் ஒளிந்திருக்கலாம். கடைகள் அவற்றைப் பிரித்துச் சொல்லாததுதான் என் முதல் புகார்.

ஒன்று, அந்தக் கடை வைத்திருக்கும் கூரியர் அந்தப் பின்கோடுக்குப் போவதில்லை. இது கூரியர் நிறுவனத்தின் வியாபார முடிவு. நாளுக்கு நாலு பார்சல்கூட வராத மலைக்கு ஓர் ஆளையும் வண்டியையும் அனுப்பினால் கட்டாது. இதற்கு மாற்று வழி உண்டு: வேறு கூரியர், அல்லது ஸ்பீடு போஸ்ட். பின்கோடு இருக்கிறது என்றாலே அங்கே தபால் சேர்க்கும் அஞ்சலகம் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

இரண்டாவது, கூரியர் போகும், ஆனால் கேஷ் ஆன் டெலிவரி இல்லை. நீங்கள் பணம் கட்டும் முறையை மாற்றினால் ‘இல்லை’ என்பது ‘உண்டு’ ஆகிவிடும். இங்கே கடைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. கையில் பணம் என்று ஆர்டர் போட்டவர் பார்சல் வந்ததும் வேண்டாம் என்றுவிட்டால், போன கட்டணமும் கடைக்காரர் தலையில், திரும்பி வரும் கட்டணமும் அவர் தலையில். 253 ரூபாய்க் கணக்கையே இரண்டு தடவை போட்டால் ஐநூறைத் தாண்டுகிறது. அதனால் திரும்பி வருவது அதிகமாக உள்ள பின்கோடுகளைக் கடைகளே இந்த வசதியிலிருந்து நீக்கிவிடுகின்றன. யாரோ சிலர் மறுத்ததற்கு ஒரு பின்கோடு முழுவதும் தண்டனை அனுபவிக்கிறது என்பது கசப்பான உண்மை.

மூன்றாவது, எல்லாரும் போவார்கள், கடைதான் அனுப்ப விரும்பவில்லை. உருகும் பால்கோவா, உடையும் கண்ணாடி, விமானத்தில் ஏற்ற முடியாத பொருள் என்று காரணம் இருக்கலாம். அல்லது கடைக்காரர் எப்போதோ ஒரு பட்டியலைப் பதிவேற்றிவிட்டு அதைத் திரும்பிப் பார்க்காமல் விட்டிருக்கலாம். கூரியரின் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். அதை அந்தந்த நேரத்தில் கேட்டுச் சொல்லும் கடையும், பழைய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லும் கடையும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. திரை ‘டெலிவரி உண்டு’ என்கிறது, பணமும் கட்டியாகிவிட்டது. நாலு நாள் கழித்து ஒரு போன்: “சார், உங்க எஸ்டேட்டுக்கு வண்டி வராது, டவுனுக்கு வந்து வாங்கிக்கிறீங்களா?” பின்கோடு முழுவதற்கும் ‘ஆம்’ என்று ஒரே விடை எழுதிவைத்ததன் விளைவு இது. நகர்ப்பகுதிக்கு உண்மையான விடை, அதே எண்ணில் இருக்கும் தொலைதூர எஸ்டேட்டுக்குப் பொய்யாகிவிடுகிறது.

முதல் மூன்று இலக்கத்தின் பொறி

சொந்தமாக இணையக் கடை நடத்துகிறவர்களில் பலர் வூகாமர்ஸ் போன்ற மென்பொருளில் டெலிவரி மண்டலங்களைத் தாங்களே வகுக்கிறார்கள். ஆயிரக்கணக்கான எண்களை அடித்துக்கொண்டிருக்க முடியாது என்பதால் முதல் மூன்று இலக்கத்தோடு ஒரு நட்சத்திரம் போட்டு முடித்துவிடலாம். `642*` என்றால் 642-இல் தொடங்கும் எல்லா ஊரும். வசதிதான், ஆனால் இங்கேதான் வழுக்கும். பொள்ளாச்சிக்கு என்று நினைத்துப் போட்ட கட்டணம் வால்பாறைக்கும் போய்விடும்.

தெற்கில் இதைவிடப் பெரிய பொறிகள் இருக்கின்றன. 682 என்றதும் கொச்சி, எர்ணாகுளம்தான் நினைவுக்கு வரும். லட்சத்தீவின் பின்கோடுகளும் 682-இல்தான் தொடங்குகின்றன, கவரத்தி 682555. ‘கொச்சிக்கு இலவச டெலிவரி’ என்று `682*` போட்டுவைத்த கடை, ஒருநாள் கடல் தாண்டி இலவசமாக அனுப்ப வேண்டிவரும். புதுச்சேரி நகரம் 605001, விழுப்புரம் நகரம் 605602. 605 என்றால் புதுச்சேரி என்று எழுதிவைத்த கடையில், விழுப்புரத்துக்காரர் மாநிலம் தமிழ்நாடு என்று தேர்ந்தெடுத்தால் ‘பின்கோடு மாநிலத்தோடு பொருந்தவில்லை’ என்று சிவப்பு எழுத்து வரலாம். அவர் முகவரியைத் திரும்பத் திரும்பத் திருத்திப் பார்ப்பார், தவறு அவருடையது அல்ல. காரைக்கால், மயிலாடுதுறை இரண்டுக்கும் 609 பொது. மாஹேவுக்கு 673, அது கோழிக்கோட்டின் எண். ஏனாமோ ஆந்திரத்தின் 533-இல் இருக்கிறது, அதாவது முதல் இலக்கமே 6 இல்லை.

வூகாமர்ஸில் மண்டலங்கள் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படும். எது முதலில் பொருந்துகிறதோ அதோடு தேடல் நின்றுவிடும். ஆகவே சின்ன விதிவிலக்கு மேலேயும் பெரிய பகுதி கீழேயும் இருக்க வேண்டும். கோவில்பட்டிக் கடைக்கு முதல் மண்டலத்தில் இப்படி எழுதலாம்:

```
682551...682559
744*
9*
```

முதல் வரி லட்சத்தீவு, இரண்டாவது அந்தமான் நிக்கோபார், மூன்றாவது ராணுவ அஞ்சல். 9-இல் தொடங்கும் எண் ராணுவ அஞ்சல் சேவைக்கு ஒதுக்கப்பட்டது. முகவரியில் 56 ஏ.பி.ஓ., 99 ஏ.பி.ஓ. என்று இருக்கும், படை எந்த ஊரில் இருக்கிறது என்பது இருக்காது. எனவே தனியார் கூரியர் அங்கே போகவே முடியாது, தபால் துறை வழியாகத்தான் போக வேண்டும். தென்மாவட்டங்களில் பட்டாளத்துப் பிள்ளைக்குத் தின்பண்டம் அனுப்பும் குடும்பங்களுக்கு இது நன்றாகத் தெரியும், கடைகளுக்குத்தான் தெரிவதில்லை.

இந்த மண்டலத்துக்கு டெலிவரி முறை எதையும் சேர்க்காமல் விட்டால், அங்கிருந்து வருபவருக்கு ஆர்டர் போடும் வழி அடைபடும். திரையில் `There are no shipping options available` என்று தொடங்கும் வாசகம் வரும். அடைப்பதற்குப் பதிலாக, ‘ஸ்பீடு போஸ்ட் மட்டும், முன்பணம் மட்டும்’ என்று ஒரு முறையைச் சேர்த்து அதற்கேற்ற கட்டணம் போடுவதே நல்ல கடைக்கு அழகு. இதற்குக் கீழே 642127 தனி மண்டலம், அதற்குக் கீழே தமிழகத்தின் மற்ற எண்கள், அதற்கும் கீழே மற்ற மாநிலங்கள். எந்த மண்டலத்திலும் அகப்படாத முகவரிகளுக்கு என்று கடைசியில் ஒரு மண்டலம் தானாகவே இருக்கும். அதில் ஏதாவது கட்டணம் போட்டுவைத்தால், நீங்கள் நினைத்தே பார்க்காத இடங்களிலிருந்து ஆர்டர் வரும்.

2025-இல் தபால் துறை டிஜிபின் என்ற ஒன்றை வெளியிட்டது. நாட்டைச் சுமார் நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு. எஸ்டேட் வீட்டைக் கண்டுபிடிக்க அது உதவும். ஆனால் வண்டி அந்த மலையில் ஏறுமா என்ற கேள்விக்கு அது விடை சொல்லாது. அந்த விடை கூரியர் நிறுவனத்தின் பட்டியலில்தான் இருக்கிறது.

எப்போது கேட்க வேண்டும்

பல கடைகள் பெயர், போன் நம்பர், முழு முகவரி எல்லாம் வாங்கிக்கொண்ட பிறகுதான் டெலிவரி உண்டா, எவ்வளவு என்று சொல்கின்றன. இது சோம்பலாகவும் இருக்கலாம், தந்திரமாகவும் இருக்கலாம். இவ்வளவு தூரம் வந்துவிட்டவர் இன்னும் எண்பது ரூபாய்க்காகத் திரும்பிப் போக மாட்டார் என்ற கணக்கு. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், மொத்த விலையை ஒரே தொகையாகவும், டெலிவரிக் கட்டணம் உள்ளிட்ட பிரிவுகளோடும் காட்ட வேண்டும் என்கின்றன. விலையைச் சொட்டுச் சொட்டாக வெளியிடுவதை, 2023 நவம்பர் 30 அன்று அறிவிக்கப்பட்ட வழிகாட்டுதல்கள் இணைய ஏமாற்று உத்திகள் பதின்மூன்றில் ஒன்றாகப் பட்டியலிட்டிருக்கின்றன. பின்கோடு பெட்டி இருக்க வேண்டிய இடம் பொருளின் பக்கம், விலைக்குப் பக்கத்தில். ஆறு இலக்கம் வாங்கிக்கொண்டு விடை சொல்ல, போன் நம்பர் எதற்கு?

வாங்குபவர் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். பெட்டியில் 000000 என்று போடுங்கள். எந்தப் பின்கோடும் பூஜ்யத்தில் தொடங்காது. அதற்கும் ‘டெலிவரி உண்டு’ என்று வந்தால் அந்தப் பெட்டி வெறும் அலங்காரம்; அது சொல்லும் தேதியையும் நம்ப வேண்டாம். அடுத்து உங்கள் பின்கோடையும், மாவட்டத் தலைநகரின் பின்கோடையும் போட்டு ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் ஒரே கட்டணம் என்றால் அது நாடு முழுவதற்குமான தட்டையான கட்டணமாக இருக்கலாம், பொருளின் விலையில் ஒரு பகுதி டெலிவரிக்காக ஏற்றப்பட்டிருக்கலாம். உங்கள் எண்ணுக்கு மட்டும் ‘இல்லை’ என்றால், பணம் கட்டும் முறையை மாற்றிப் பாருங்கள். பிறகும் ‘இல்லை’ என்றால் கடைக்கு இரண்டு வரி எழுதுங்கள்: ஸ்பீடு போஸ்டில் அனுப்ப முடியுமா, கட்டணம் எவ்வளவு. சிறு கடைகளில் பலர் இதற்குச் சம்மதிப்பார்கள், கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

பெரிய பின்கோடு பகுதியில், நகரத்துக்கு வெளியே இருப்பவர்கள் பணம் கட்டும் முன்பே வீடு வரை வருமா, டவுன் கிளை வரைதானா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ‘டெலிவரி உண்டு’ என்ற திரையையும் கட்டண விவரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு கட்டணம் கூடினாலோ, பார்சலைத் திருப்பி அனுப்பிவிட்டு டெலிவரிக் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டாலோ, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அப்போது அந்த ஸ்கிரீன்ஷாட்தான் உங்கள் சாட்சி.